பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டது

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி விமான நிலையம் கடற்படையின் கையில் இருந்த காலம் அது. மட்டாஞ்சேரிப் பாலம் தாண்டி வில்லிங்டன் தீவுக்குள் நுழைந்தால் துறைமுகக் கிடங்குகளுக்கு அப்பால் ஓடுபாதை தெரியும். அங்கே பயணிகள் கவுண்டரில் வேலை பார்த்தாள் ஸ்வர்ணலதா. அப்பா காளிமுத்து நகராட்சியில் குழாய் ரிப்பேர் பார்த்தவர். அவர் குடும்பத்தில் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

அவளுடைய தம்பி நல்லசிவம் வெல்டர். கப்பல் கட்டும் இடத்தில் காண்டிராக்ட்காரனிடம் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவனுக்கு ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. பம்பாய் ஏஜெண்ட் கறாராகச் சொல்லியிருந்தான். இன்ன தேதி ராத்திரிக்குள் பம்பாயில் வந்து சேர வேண்டும், மறுநாள் விடியற்காலையில் கூட்டமாக ஏற்றிவிடுவோம், வராதவன் இடத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று. ரயிலில் முன்னாடியே போய்விடலாம் என்றுதான் நல்லசிவம் நினைத்தான். அவன் மனைவி மாயம்மாளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூட ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஸ்வர்ணலதாதான் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். காலையில் ஏறினால் மத்தியானம் பம்பாய். நான் இருக்கிற இடம்தானே, பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பம்பாய் போகும் அந்த விமானம் கொச்சியில் பிறப்பதில்லை. விடிந்ததும் மதராஸில் கிளம்பி, பெங்களூரில் இறங்கி ஏறி, கொச்சிக்கு வந்து, இங்கே முக்கால் மணி நேரம் நின்று பம்பாய்க்குப் போகும். ஆகவே மதராஸில் என்ன கோளாறானாலும் பெங்களூரில் என்ன கோளாறானாலும் கொச்சி ஒலிபெருக்கியில் ஒரே வாசகம்தான். வர வேண்டிய விமானம் தாமதமாக வருவதால் பம்பாய் விமானம் தாமதமாகப் புறப்படும். அதில் பொய் கிடையாது. ஏன் தாமதம் என்பதுதான் கிடையாது. அதே விமானத்துக்குப் பெங்களூரில் சொல்கிற காரணம் தொழில்நுட்பக் கோளாறு என்றிருக்கும். அந்தச் சொல்லும் ஒரு பெரிய சாக்குப்பை. விளக்கு ஒன்று எரியவில்லை என்றாலும் அதுதான், என்ஜினைக் கழற்ற வேண்டும் என்றாலும் அதுதான். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அதைக் கேட்டதும் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

எவ்வளவு நேரம் என்பதை மட்டும் எந்த ஊரிலும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரம் என்பார்கள். அது முடிந்ததும் இன்னொரு மணி நேரம். நாலு மணி நேரம் என்று முதலிலேயே சொன்னால் பாதிப்பேர் டிக்கெட்டைத் திருப்புவார்கள், மீதிப்பேர் சோறு கேட்பார்கள், வேறு வழியில் அனுப்பு என்பார்கள். ஊருக்குள் போய்விட்டவர்களை, கோளாறு சீக்கிரம் சரியாகிவிட்டால், திரும்பக் கூட்டி வரவும் முடியாது. இதெல்லாம் ஸ்வர்ணலதாவுக்குத் தண்ணிபட்ட பாடு. வீட்டில் சாயா குடிக்கும்போது தம்பிக்கும் சொல்லியிருக்கிறாள். ஒலிபெருக்கியைக் கேட்காதே. விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று கேள். முந்தின ஊரில் தரையை விட்டு எழும்பிவிட்டதா என்று கேள். எழும்பிவிட்டால் கணக்கு உண்டு, பறக்கிற நேரம், இங்கே நிற்கிற நேரம், அவ்வளவுதான். தரையில் நின்றால் எவன் சொல்கிற நேரமும் ஆசைதான். மாற்ற வேண்டிய சாமான் அங்கேயே இருந்து, ரிப்பேர் பார்க்கிறவனும் அங்கேயே இருந்தால் ஒன்றிரண்டு மணி. சாமான் வேறு ஊரிலிருந்து வர வேண்டுமென்றால் அன்றைய பொழுது போனது போலத்தான். கொச்சியில் அதற்கும் மேல் ஒன்று உண்டு. அந்த நாட்களில் இருட்டிய பிறகு இங்கே பயணிகள் விமானம் இறங்காது.

அன்று காலை நல்லசிவம் புதுப் பெட்டியும் மாயம்மாளும் குழந்தையுமாக வந்து இறங்கினான். ஸ்வர்ணலதாவே அவன் பெட்டிக்குச் சீட்டு கட்டினாள். இன்னார் தம்பி வளைகுடா போகிறான் என்று சுமை தூக்குகிறவர்கள்வரை வந்து கைகுலுக்கினார்கள். டியூட்டி ஆபீசர் குருவிளா சார்கூடத் தன் அறையிலிருந்து வந்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

குருவிளா மதராஸில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவளிடம் மலையாளம் கலந்த தமிழில்தான் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயணியின் பெட்டி தவறிப் போய், அவன் அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்தபோது, பெட்டிக்குச் சீட்டு கட்டச் சொன்னது நான்தான் என்று தன் தலையில் போட்டுக்கொண்டவர். காளிமுத்து இறந்தபோது வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகாடுவரை நடந்தவர். அவளுக்கு அவர் மேலதிகாரி மட்டுமல்ல.

விமானம் வர வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு குருவிளா அறையில் தொலைபேசி அடித்தது. பிறகு அவர் எட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் லேட் என்று சொல்லிவிடு என்றார். அவள் மைக்கை எடுத்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் சொன்னாள். அது அவள் தினமும் சொல்கிற வாசகம்தான். அந்த ஒரு மணி முடிந்ததும் இன்னொரு மணி நேரம் சொல்லச் சொன்னார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. போன மாதம் இதே மாதிரி ஒரு நாளில் பயணிகள் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டு குருவிளாவை அறையை விட்டு வெளியே வரவிடாமல் செய்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து அவருக்குத்தான் திட்டு விழுந்தது. அதிலிருந்து அவர் கூட்டம் முணுமுணுத்தாலே வியர்க்க ஆரம்பித்துவிடுவார்.

கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கு வைத்திருந்த முகமது இஸ்மாயில் அன்று அதே விமானத்துக்கு வந்திருந்தார். மறுநாள் காலை பம்பாய்க் கோர்ட்டில் அவர் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வழக்கு எதிராளி பக்கம் போய்விடும். அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. வெளியே போய் ஒரு அம்பாசிடர் டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து சாயங்காலம் பம்பாய்க்கு ஒரு விமானம் உண்டு. இப்போதே காரில் ஏறினால் பிடித்துவிடலாம், இன்னும் ஒரு மணி நேரம் போனால் முடியாது. டாக்ஸியில் இடம் இருந்தது. நல்லசிவத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீயும் வா தம்பி, உனக்கும் அவசரம்தானே என்றார்.

நல்லசிவம் எழுந்து கவுண்டருக்கு வந்தான்.

"அக்கா, பாய் திருவனந்தபுரம் போறாராம். நானும் போகட்டா? நீ சொன்னாப் போறேன்."

நியாயமாக அவள் பெங்களூருக்குத் தானே பேசியிருக்க வேண்டும். கம்பெனியின் நேர்த் தொலைபேசி குருவிளாவின் அறையில் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் இருந்தார். அவரைவிட யார் சரியாகச் சொல்லப் போகிறார்கள் என்று அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். கம்பெனி ஆளாகக் கேட்கவில்லை, சார், என் தம்பிக்காகக் கேட்கிறேன் என்றாள். திருவனந்தபுரம் டாக்ஸி வெளியே நிற்பதையும், இன்று ராத்திரி பம்பாய் போகாவிட்டால் அவன் வேலை போய்விடும் என்பதையும் சொன்னாள். விமானம் எங்கே இருக்கிறது, கிளம்பிவிட்டதா என்று மட்டும் உண்மையைச் சொன்னால் போதும் என்றாள்.

குருவிளா கண்ணாடிச் சன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். நல்லசிவம் கவுண்டர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். முகமது இஸ்மாயில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப தான் பேசினேன் மோளே. பெங்களூர்லேர்ந்து கிளம்பியாச்சு. ஒரு மணிக்கூருக்குள்ளே இங்கே இறங்கும். பையனை இருக்கச் சொல்லு."

அவள் வெளியே வந்தாள். தம்பியின் தோளைத் தட்டி, கிளம்பிவிட்டதாம், உட்கார் என்றாள். குரலைத் தாழ்த்திச் சொல்லவும் இல்லை. நல்லசிவம் சிரித்துக்கொண்டே மாயம்மாளிடம் திரும்பிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான். முகமது இஸ்மாயில் அதைப் பார்த்தார். கவுண்டர்க்காரியின் கூடப்பிறந்தவனே உட்கார்ந்துவிட்டானென்றால் விஷயம் உறுதிதான் என்று முடிவு பண்ணி, வெளியே போய் டாக்ஸியைத் திருப்பி அனுப்பினார். அவரோடு வரப் பேசியிருந்த இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் அமைதியாகிவிட்டது. யாரோ சாயா வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினார்கள்.

பெங்களூரிலிருந்து கொச்சிக்கு முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரப் பறப்பு. முக்கால் மணி ஆனதும் ஸ்வர்ணலதா ஓடுபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். விமானம் இறங்குவதற்கு முன்னால் கடற்படையின் தீயணைப்பு வண்டிகள் ஒருதடவை என்ஜினை உறுமவைத்து வெளியே வந்து நிற்கும். பெட்ரோல் வண்டி நிழலிலிருந்து நகர்ந்து தன் இடத்துக்கு வரும். ஏணியைத் தள்ளுகிறவர்கள் பீடியை அணைப்பார்கள். எதுவும் நடக்கவில்லை. பெட்ரோல் வண்டி கொட்டகைக்குள்ளேயே இருந்தது. டிரைவர் சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எழுப்பிக் கேட்டாள். இன்றைக்கு யாரும் எங்களைக் கூப்பிடவே இல்லையே சேச்சி என்றான்.

அப்போதும் அவளுக்குச் சந்தேகம் குருவிளாமேல் வரவில்லை. கிளம்பிய விமானம் திரும்பிப் பெங்களூருக்கே போய்விட்டதோ, வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் பயந்தாள். குருவிளா கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போயிருந்தார். அவள் அவருடைய அறைக்குள் போய் நேர்த் தொலைபேசியை எடுத்தாள். பெங்களூர் கவுண்டரில் ஒரு பெண் பேசினாள். தினமும் குரலால் பழக்கம், தமிழ்ப் பெண்தான்.

"எங்கேப்பா கிளம்புச்சு? வண்டி காலைல வந்ததிலேர்ந்து இங்கேயேதான் நிக்குது. ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுது. பம்ப் மெட்ராஸ்லேர்ந்து சாயங்கால பிளைட்ல வரணும், அப்புறம் மாட்டணும். நாங்க பாசஞ்சரை எல்லாம் ஹோட்டலுக்கு அனுப்பிட்டோம். உங்க சார்கிட்டக் காலைலயே சொல்லியாச்சே."

எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்று ஸ்வர்ணலதா கேட்டாள். முதல் தடவை பேசினபோதே சொல்லிவிட்டோம் என்றாள் அந்தப் பெண். அதாவது, முதல் ஒரு மணி நேர அறிவிப்புக்கும் முன்னால்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். சாயங்கால விமானத்தில் பம்ப் வந்து, மாட்டி, சோதித்துப் பார்த்து, அதற்குள் இங்கே இருட்டிவிடும். இன்றைக்கு விமானம் இல்லை என்பது குருவிளாவுக்குக் காலையிலேயே தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு அவள் கேட்டபோதும் தெரியும். குழந்தையின் கன்னத்தைத் தொட்ட கை அவளுக்கு நினைவுக்கு வந்தது. 

மைக்கை எடுத்தால் குருவிளாவுக்குக் கேட்கும் என்பதால் அவள் நேரே கூட்டத்தின் நடுவில் போய் நின்று சொன்னாள். விமானம் பெங்களூரை விட்டுக் கிளம்பவே இல்லை, இன்று வராது, நாளைக்குத்தான் என்று. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. நீதானே கிளம்பிவிட்டது என்றாய் என்று ஒருவர் கேட்டார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

முகமது இஸ்மாயில் மட்டும் சத்தம் போடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருவனந்தபுரம் இனி எட்டாது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முன்னால் வந்து நின்று, ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உன் தம்பி உக்காந்ததைப் பார்த்துத்தான் நான் வண்டியைத் திருப்பி விட்டேன் தங்கச்சி. சொந்தத் தம்பியை வச்சு இப்படிச் செய்வாங்களா?"

 என்னையும்தான் ஏமாற்றினார்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதை அவர் ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றியது.

நல்லசிவம் எழுந்திருக்கவே இல்லை. குழந்தை அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மாயம்மாள்தான் வந்து ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்து, இப்போதே கார் பிடித்துப் போனால் முடியாதா மதினி என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். முடியாது என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார்கள். ஏஜெண்ட் ஆபீசில் எடுத்தவன், நாளை என்பது எங்களுக்கு இல்லை, அந்த இடத்துக்கு இங்கேயே ஆள் காத்திருக்கிறான் என்று வைத்துவிட்டான்.

குருவிளா திரும்பி வந்ததும் அவளை அறைக்குள் கூப்பிட்டார். கூட்டத்தில் போய் ஏன் சொன்னாய் என்றுதான் முதலில் கேட்டார். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், என்னிடம் ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் தம்பி எழுந்து அந்தக் காரில் ஏறியிருந்தா என்ன ஆகும்? மொத்தப் பேரும் எழுந்திரிப்பாங்க. எல்லாருக்கும் திருவனந்தபுரத்தில் சீட்டு எங்கே இருக்கு? போன மாசம் மாதிரி என்னை இங்கே பூட்டி வச்சிருப்பாங்க. அவன் உட்கார்ந்தா எல்லாரும் உட்காருவாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் சொன்னேன்."

"அவனுக்கு ஒரு சீட்டு போதுமே சார்."

"ஒரு சீட்டு போதும். அவன் அதில் போறதை எல்லாரும் பார்ப்பாங்களே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தினமும் பேசுகிற அதே இதமான குரல்தான். உன் தம்பிக்கு வேறு இடத்தில் நான் பார்க்கிறேன், பம்பாயில் எனக்கு ஆள் உண்டு என்றும் சொன்னார். அவர் ஏதாவது கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். பெட்டி தவறிப் போன அன்று அவர் தன் தலையில் போட்டுக்கொண்டது எதற்காக என்று முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. சுடுகாட்டு நடைகூட எதற்கு என்று யோசித்தாள். அப்படி யோசிக்க வேண்டி வந்ததே என்பதுதான் தாங்க முடியவில்லை. அறையை விட்டு வெளியே வந்து, கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

விமானம் மறுநாள் காலையில் வந்தது. முகமது இஸ்மாயில் வரவில்லை. நல்லசிவமும் வரவில்லை. அவன் பெட்டியை அவளே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெங்களூர்ப் பெண் சொன்னது, குருவிளா சொன்னது எல்லாம். அம்மா சீனியம்மாள் அந்த மனிதரைச் சபித்தாள். மாயம்மாள் நம்பினாள். நல்லசிவம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சொன்னான்.

"நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லலக்கா. நீ சொன்னதாலதான் நான் உக்காந்தேன். வேற யார் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்."

அவன் பழைய காண்டிராக்ட்காரனிடமே போய் நின்றான். அவளிடம் பேசாமல் இருக்கவில்லை. சோறு போடு என்பான், குழந்தையைப் பிடி என்பான். ஆனால் ஒன்றைப் பற்றியும் அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். பஸ் எத்தனை மணிக்கு என்றால்கூட வெளியே போய் யாரிடமாவது கேட்டு வருவான்.

கூட்டத்தின் நடுவில் போய்ச் சொன்னதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. குருவிளா அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் தன் பக்கத்தை எழுதிக் கொடுத்தாள். பெங்களூர்ப் பெண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டாள். தொலைபேசியில் அவளிடம் அப்புறம் ஸ்வர்ணலதா பேசவில்லை. கொஞ்ச நாளில் ஸ்வர்ணலதாவை எர்ணாகுளத்தில் டிக்கெட் பதிவு செய்யும் ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒலிபெருக்கி கிடையாது.

விமானம் தாமதம் என்று அங்கேயும் ஜனங்கள் தொலைபேசியில் கேட்பார்கள். எந்த ஊரில் நிற்கிறது, எழும்பிவிட்டதா என்று பார்த்து, தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாவிட்டால் தெரியாது என்பாள். அதற்காக அவளைத் திட்டியவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் என்று சொன்னால் திருப்தியாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து நல்லசிவத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. டிக்கெட் எடுக்க அவன் அவளுடைய ஆபீஸுக்கு வரவில்லை. தேதியையும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து மட்டாஞ்சேரி வீட்டுக்குத் திரும்பியபோது, மாயம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். காலையிலேயே பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய்விட்டார், அங்கேயிருந்து நேரே விமானம் என்றாள். கோவிச்சுக்காதீங்க மதினி, யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொன்னாரு என்றாள்.

ஸ்வர்ணலதா செருப்பைக் கழற்றினாள். விமானம் நேரத்துக்குக் கிளம்பியதா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.